பச்சைக் கேனில் வெள்ளி எழுத்து: குளிர்பானக் கேன் படம் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த நான் இப்போது பாதி நாள் ஜூஸ், ஊறுகாய், மாங்கூழ் படம்தான் எடுக்கிறேன். கேன் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, எங்கள் மாம்பழ ஜூஸ் கேன் கரும்பச்சை. பெயர் மட்டும் மை போடாமல் வெறும் அலுமினியமாக விட்டிருக்கிறார்கள். கையில் பார்த்தால் பளபளக்கிறது, படத்தில் எழுத்தே கறுப்பாகிவிடுகிறது. லைட் இரண்டு இருக்கிறது, இன்னும் கூட்டலாமா?

லைட்டைக் கூட்டினால் பச்சைதான் வெளிறும், எழுத்து கறுப்பாகவே இருக்கும். வெறும் அலுமினியத்துக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக எதுவும் இல்லை, எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். உங்கள் எழுத்துக்கு எதிரில் இருப்பது கேமராவும் அதற்குப் பின்னால் இருட்டு அறையும். அதைத்தான் எழுத்து காட்டுகிறது.

கேன் உருளை என்பதால் இதில் ஒரு கணக்கு உண்டு. கேனின் நடுக்கோட்டில் தெரிவது கேமரா. நடுவிலிருந்து ஓரம்வரை உள்ள தூரத்தில் பாதியில் தெரிவது, கேமராவிலிருந்து 60 டிகிரி தள்ளி இருக்கும் பொருள். பத்தில் ஏழு பங்கு தூரத்தில் தெரிவது சரியாகப் பக்கவாட்டில், 90 டிகிரியில் இருப்பது. விளிம்பில் தெரிவது கேனுக்குப் பின்னால் இருப்பது. அதனால் பக்கத்து லைட் இரண்டையும் 90 டிகிரியிலோ கொஞ்சம் பின்னாலோ வையுங்கள். வெள்ளைக் கோடு இரண்டும் எழுத்தைத் தொடாமல் ஓரத்தில் நிற்கும். 45 டிகிரியில் வைப்பது முகத்துக்குப் பழகிய பழக்கம். கேனில் அது நேராக எழுத்தின் மேல் வந்து உட்காரும்.

இனி எழுத்து. அதற்கு எதிரே வெள்ளை வேண்டும். நான் கட்டுவது எட்டு முழ வேட்டிதான். கேனிலிருந்து நான்கடி தள்ளி, கேமராவின் இருபுறமும் அரைவட்டமாகத் தொங்கவிட்டு, நடுவில் லென்ஸ் அளவுக்கு மட்டும் இடைவெளி விடுவேன். வேட்டிக்குப் பின்னால் ஒரு ஃப்ளாஷ், கேனைப் பார்த்து. கேமரா கேனின் நடு உயரத்தில் இருந்தால் அதே உயரத்தில் ஓர் அடிப் பட்டை வெளிச்சமாக இருந்தாலே போதும். உருளை பக்கவாட்டில்தான் ஊரையே வளைத்துக் காட்டும், மேலும் கீழும் சாதாரணக் கண்ணாடி மாதிரிதான். இந்த வெளிச்சம் பக்கத்து லைட்டைவிட ஒரு ஸ்டாப்பாவது குறைவாக இருக்கட்டும். சமமாக வைத்தால் கேன் தட்டையாகி, அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு வரும், அது லென்ஸ் விட்ட இடைவெளி. நான்கடியில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் வரும், போட்டோஷாப்பில் இரண்டு நிமிட வேலை. நான் முதலில் இதைத் தெர்மாகோலில் ஓட்டை போட்டு, கேனிலிருந்து ஓரடி தூரத்தில் வைத்துச் செய்தேன். ஓட்டை பெரிதாகி, கோடு ஓர் எழுத்தையே விழுங்கிவிட்டது.

பாலக்கோடு: போலரைசர் ஃபில்டர் போட்டால் எல்லா மின்னலும் போய்விடும், எதற்கு இந்த வேட்டி, துணி எல்லாம்?

தண்ணீர், பிளாஸ்டிக், வார்னிஷ் என்றால் நீங்கள் சொல்வது பாதி சரி. அதுவும் சாய்வாக வரும் பளபளப்பில்தான் நன்றாக வேலை செய்யும், நேர் எதிரே வருவதில் செய்யாது. உலோகத்திலிருந்து வரும் பளபளப்பை லென்ஸில் போட்ட ஃபில்டர் மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது. லைட்டிலும் ஒரு போலரைசர் தாள் போட்டுத் திருப்பினால் போகும், ஆனால் அலுமினியமே கரி மாதிரி கறுத்துவிடும். காவேரிப்பட்டணத்துக்காரருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

ஓசூர்: சார், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேனிலேயே நிஜமாக வேர்க்கிறதே, அதையே எடுத்தால் என்ன?

எடுக்கலாம், நானும் எடுத்தேன். ஒரு மே மாதம், ஒரு சின்ன நிறுவனத்துக்கு. கேனை மேசையில் வைத்ததும் முதலில் வருவது நீர்முத்து இல்லை, பனிமூட்டம் போன்ற மங்கல். எழுத்து தெளிவாகத் தெரியாது. அந்த மூட்டம் சேர்ந்து முத்தாகும் வரை காத்திருந்தேன். ஃபோகஸைச் சரிபார்க்கக் குனிந்த நேரத்தில் மூன்று முத்து ஒன்றாகச் சேர்ந்து பெயரின் மேலே கோடு போட்டு இறங்கிவிட்டது. துடைத்தால் கைரேகை. திரும்ப ஃபிரிட்ஜ். பதினான்கு கேன் போனது, ஒன்றும் தேறவில்லை. கிருஷ்ணகிரி வெயிலில் காற்று காய்ந்திருக்கும் நாளில் முத்து வரவே நேரமாகும், மழை நாளில் நிமிடத்தில் ஓடும். ஒரே மாதிரி பத்துப் படம் வேண்டுமென்றால் இதை நம்ப முடியாது.

அதனால் முத்தை நாமே போட வேண்டியதுதான். மருந்துக்கடை கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி. கேனை ஸ்பிரிட்டில் துடைத்து, கையுறை போட்டுக்கொண்டு, கழுத்துக்கு மேல் டேப் சுற்றி, முதலில் மேட் கிளியர் ஸ்ப்ரே ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்த பிறகு, சலூன் ஸ்ப்ரே பாட்டிலில் கிளிசரின் கலவையை ஓரடிக்கு மேல் தள்ளி நின்று அடியுங்கள். ஒரே மூச்சில் அடிக்காமல் இரண்டு மூன்று தடவை, இடையில் ஒரு நிமிடம் விட்டு. பெரிய முத்து வேண்டிய இடத்தில் ஊசி போடும் சிரிஞ்சால் வையுங்கள், நாலைந்து போதும். மணிக்கணக்கில் அசையாது. மூடிக்குக் கீழே கொஞ்சம் இடத்தில் முத்தைக் குறைத்துவிடுங்கள். உள்ளே பானம் நிற்கும் மட்டத்துக்கு மேல் நிஜத்திலும் குறைவாகத்தான் வேர்க்கும். அந்தக் கேனைப் படம் முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். எங்கள் பையன் ஒருவன் தாகத்தில் அதில் வாய் வைக்கப் போனான்.

அரூர்: அக்கா வீட்டு நன்னாரி சர்பத்துக்குப் படம் எடுக்கிறேன். கண்ணாடி பாட்டில். இதே மாதிரி வேட்டி கட்டட்டுமா?

வேண்டாம் தம்பி, இது கேன் விஷயம். பாட்டிலுக்குள் வெளிச்சம் நுழைந்து வெளியே வர வேண்டும், அதனால் லைட் பின்னாலிருந்து. கிளிசரின் வேலை மட்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

காவேரிப்பட்டணம் (மறுபடியும்): வேட்டி கட்டினேன், எழுத்து வெள்ளியாக வந்தது. ஆனால் முத்து எல்லாம் செத்துப்போய் வெறும் புள்ளியாக இருக்கிறது.

வரத்தான் செய்யும். முன்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் பட்டால் முத்தின் உருவம் போய்விடும், அதற்குப் பக்கமும் பின்னும்தான் உயிர். அதனால் ஒரே படத்தில் இரண்டையும் கேட்காதீர்கள். கேனை டபுள் டேப்பில் மேசையோடு ஒட்டி, ட்ரைபாடைத் தொடாமல், முதலில் காய்ந்த கேனை வேட்டி வெளிச்சத்தோடு ஒன்று எடுங்கள். பிறகு அதே இடத்தில் கிளிசரின் அடித்து, வேட்டி ஃப்ளாஷை அணைத்து, பக்கத்து லைட்டில் மட்டும் இன்னொன்று. போட்டோஷாப்பில் ஈரப் படத்தை அடியில் வைத்து, காய்ந்த படத்தை மேல் லேயராக்கி, மாஸ்க்கில் எழுத்தை மட்டும் திறக்க வேண்டும். ஒவ்வொரு முத்தும் சின்ன லென்ஸ், அடியில் உள்ள எழுத்தை நெளித்துக் காட்டும். இப்படிச் செய்தால் அந்தத் தொல்லையும் தீரும்.

முழுக்கத் திறந்தால் எழுத்து மட்டும் காய்ந்து, ஸ்டிக்கர் ஒட்டியது போலத் தெரியும். நான் எழுபது சதவீதம் திறப்பேன். சேலத்தில் இதே வேலை செய்யும் என் நண்பர் முழுசாகத் திறந்து, எழுத்தின் மேல் நான்கு முத்தைக் கையால் திரும்பக் கொண்டுவருகிறார். அவர் படம் கடை அலமாரிப் பலகையில் தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது, என்னுடையது கிட்டத்தில் நிஜமாக இருக்கிறது. இதில் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம்தான்.

போச்சம்பள்ளி: எங்கள் கேனில் அச்சு இல்லை, பிளாஸ்டிக் உறை சுருக்கி ஒட்டியது. வெள்ளி நிறம் அதிலேயே இருக்கிறது.

அந்த வெள்ளியை முதலில் பாருங்கள். கறுப்பு அட்டை ஒன்றைக் கேன் முன்னால் ஆட்டுங்கள். எழுத்து கூடவே கறுத்து வெளுத்தால் உறை வழியாகத் தெரிவது அலுமினியம், வேட்டி கட்டுங்கள். அசையாமல் சாம்பலாகவே இருந்தால் அது வெறும் மை. பக்கத்து லைட்டோடு சாதாரண முன்வெளிச்சம் கொஞ்சம் போதும். உறையின் தையல் கோட்டைப் பின்னால் திருப்பிவிட்டுத்தான் டேப் ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.