நொடித்த நிறுவனத்தில் யாருக்கு முதலில் பணம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் உதிரிபாகங்கள் வழங்கிவந்த நிறுவனம் கலைக்கப்படுகிறது. நிலுவையில் உள்ளவற்றில் என்னுடைய பில்தான் மிகப் பழையது. எனக்கு முதலில் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. நீங்கள் கடன் கொடுத்த தேதி அல்ல, அந்தக் கடன் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதே வரிசையைத் தீர்மானிக்கிறது. ஒரே வகுப்பில் இருப்பவர்கள், பில் பழையதாயினும் புதியதாயினும், தத்தம் கடனின் விகிதப்படி பங்கு பெறுவார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிறுவனத்தின் ஆலை 60 அலகு வங்கிக் கடனுக்கு அடமானமாக உள்ளது. தனித்தனியாக ஏலம் விட்டால் ஆலை 40 அலகுக்குத்தான் போகிறது. அடமானம் இல்லாத சரக்கும் வரவேண்டிய பாக்கிகளும் 22 அலகு தருகின்றன. ஆலையின் 40 முழுவதும் வங்கிக்கே செல்லும். மீதமுள்ள 22-இலிருந்து முதலில் கலைப்புச் செலவு 6, அடுத்து ஊழியர்களின் சம்பளப் பாக்கி 4 கழிந்தபின் 12 எஞ்சும். இந்த 12-க்கு உங்களைப் போன்ற வழங்குநர்கள் 28 அலகுக்குக் கோருகிறார்கள். அவர்களோடு வங்கியும், ஆலையால் அடையாத 20 அலகுக்குப் பிணையற்ற கடன் கொடுத்தவராக வந்து சேர்கிறது. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஆக 48 அலகுக் கோரிக்கைக்கு 12, அதாவது கால்பங்கு. உங்களுக்கு 4 அலகு வரவேண்டியிருந்தால் 1 கிடைக்கும்.

வரிசையின் நடுப்பகுதி நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம், தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கியை, பிணையைக் கலைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்ட வங்கிக்குச் சமமாக வைக்கிறது.

கேள்வி: முழுப் பணமும் வரும்வரை சரக்கு என்னுடையதே என்று எழுதி வாங்கியிருந்தேன். அது உதவுமா?

பல நாடுகளில் உதவும்; ஆனால் அந்தச் சரக்கு இன்னும் இதுதான் என்று அடையாளம் காட்டக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். உதாரணமாக, நீங்கள் கொடுத்தது பிசினாக இருந்து, அது பலகையோடு கலந்து ஒட்டப்பட்டுவிட்டால் திரும்பக் கேட்கப் பொருளே இருக்காது. சரக்கின் மேல் உள்ள வரிசை எண்ணும் ரசீதும் பொருந்துகின்றனவா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள்.

கேள்வி: கலைப்புக்குப் பதிலாக மீட்பு நடவடிக்கை என்கிறார்கள், எங்கள் வழக்குகளையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். இது நிறுவனத்தின் உரிமையாளர்களைக் காப்பாற்றும் வேலை இல்லையா?

அப்படி நடப்பதும் உண்டு என்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் நோக்கம் வேறு: ஓடிக்கொண்டிருக்கும் தொழிலுக்கு இயந்திரம், ஆட்கள், ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து இருக்கும் மதிப்பு, பிரித்து விற்கும்போது பெரும்பாலும் கரைந்துவிடும். ஒருவர் இயந்திரத்தையும் இன்னொருவர் சரக்கையும் தூக்கிச்சென்றால் அந்த மதிப்பு எல்லோருக்கும் போய்விடும் என்பதால்தான் வழக்குகளை நிறுத்திவைக்கும் இந்தத் தடைக்காலம் விதிக்கப்படுகிறது. நொடித்த நிறுவனங்களுக்கான பிரிட்டனின் நிர்வாக நடைமுறை, முதலில் நிறுவனத்தையே மீட்பது, முடியாவிட்டால் கடன் கொடுத்தவர்களுக்குக் கலைப்பைவிட நல்ல பலன் தேடுவது, அதுவும் முடியாவிட்டால் மட்டுமே சொத்தை விற்றுப் பிணையுள்ளவர்களுக்குக் கொடுப்பது என்று நோக்கங்களையே வரிசைப்படுத்தியிருக்கிறது.

நம் கணக்குக்கே திரும்புவோம். ஆலையை நிறுத்தாமல் நடத்த ஒருவர் 6 அலகு புதுக்கடன் தருகிறார். பழைய பிணையற்ற கடன்களுக்கு முன்னதாகத் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் எவரும் தரமாட்டார்கள். தொழில் முழுமையாக 92 அலகுக்கு விற்கப்படுகிறது. அதில் ஆலையின் பங்கு 60 என்று மதிப்பிடப்படுவதால் வங்கியின் கடன் முழுதாக அடைகிறது. மீதி 32-இல் நடவடிக்கைச் செலவு 8, புதுக்கடன் 6, சம்பளப் பாக்கி 4 போக 14 நிற்கும். வங்கி இப்போது உங்கள் வரிசையில் இல்லாததால், 28 அலகுக்கு 14 என்று பாதி கிடைக்கிறது. உங்கள் 4-க்கு 2. பழைய பங்குதாரர்களுக்கு இதிலும் ஒன்றுமில்லை.

ஆனால் 92-க்கு வாங்குபவர் வராமல் தொழில் 76-க்கே போய், அதில் ஆலையின் பங்கு 54 என்றால்? மற்ற 22-இல் அதே 18 கழிந்து 4 மட்டுமே எஞ்சும். வங்கிக்குக் குறையும் 6-உம் சேர்ந்து 34 அலகு அதற்குப் போட்டியிடும். கலைப்பில் கிடைத்திருக்கும் கால்பங்கு இங்கே எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். வங்கியோ அப்போதும் கலைப்பைவிட மேலான நிலையில் இருக்கும். ஆகவே மீட்புத் திட்டத்தின் மீது வாக்களிக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், அதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: தடைக்காலத்தில் வாங்கும் சரக்குக்கும் சம்பளத்துக்கும் அந்த மாத வருமானமே போதுகிறதா, அல்லது புதுக்கடன் கரைகிறதா? பிந்தையது மாதந்தோறும் தொடர்ந்தால், மீட்பு உங்கள் பங்கிலிருந்துதான் நடத்தப்படுகிறது.

கேள்வி: நொடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு பாதிப் பணம் பெற்றேன். திருப்பித் தரச் சொல்கிறார்கள்!

ஒருவருக்கு மட்டும் முந்திக் கொடுத்தது வரிசையைக் குலைக்கும் என்பதால் திருப்பிக் கேட்கும் இந்த அதிகாரம் உள்ளது. அமெரிக்காவில் வெளியாருக்குப் பொதுவாக 90 நாள், இந்தியாவில் ஓராண்டு வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். நிறுவனத்தோடு தொடர்புடையவர்களுக்குக் காலம் இன்னும் நீளம். வழக்கமான வணிகப் போக்கில், வழக்கமான தவணையில் வந்த பணம் என்று இவ்விரு நாடுகளிலும் எதிர்வாதம் செய்யலாம். முந்தைய ஓராண்டின் பில்களும் பணம் வந்த நாட்களும் அதற்குச் சான்று. எப்போதும் 45 நாளில் தந்தவர் திடீரென்று மிரட்டலுக்குப் பின் ஒரே நாளில் தந்திருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம்.