பில்லில் 14, போனில் 15: ஐஎம்இஐ எண்ணின் கடைசி இலக்கம்

கேள்வி: மகளுக்காகப் பழைய போன் ஒன்றை 8,500 ரூபாய்க்குப் பேசி, ஆயிரம் ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்தப் போனின் பழைய பில்லில் ஐஎம்இஐ நம்பர் 14 இலக்கம்தான் இருக்கிறது. பெட்டி ஸ்டிக்கரில் நடுவில் ஒரு நம்பர் சுரண்டுப்பட்டு அழிந்திருக்கிறது. போனில் பார்த்தால் 15 இலக்கம் வருகிறது. "கடைசி நம்பர் ஒன்றும் முக்கியமில்லை" என்கிறார் கடைக்காரர். ஏதோ வெப்சைட்டில் அடித்து, ‘வேலிட்’ என்று வந்ததையும் காட்டினார். நம்பி மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பத்து நிமிட வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு ஒரு தாளும் பேனாவும் ஓர் எஸ்எம்எஸும் போதும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஐஎம்இஐ எண்ணில் முதல் 8 இலக்கங்கள் எந்த கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சொல்கின்றன. அடுத்த 6 இலக்கங்கள் அந்த மாடலில் இந்த ஒரு போனுக்கு மட்டும் உரிய வரிசை எண். ஆக, போனை அடையாளம் காட்டுவது இந்த 14 இலக்கங்கள்தான். பதினைந்தாவது இலக்கம் தனியாக எதையும் குறிப்பதில்லை. முந்தைய 14 இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது அது. சரிபார்ப்பு இலக்கம் என்பார்கள். போன் டவரோடு பேசும்போது இதை அனுப்புவதுகூட இல்லை. அந்த இடத்தில் 0 போட்டுத்தான் அனுப்பும்.

அதனால் 14 இலக்கம் மட்டும் உள்ள பில் என்றாலே போலி என்று நினைக்க வேண்டாம். விட்டுப்போன இலக்கத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தது போனில் வருவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

உங்கள் போன் எண்ணை இங்கே அச்சிடுவது சரியில்லை. இந்தக் கணக்கைச் சொல்லித்தர வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மாதிரி எண் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பில்லில் இருப்பது 49015420323751 என்று வைத்துக்கொள்வோம். ஓர் இலக்கத்தை விட்டு அடுத்ததை இரட்டிப்பாக்க வேண்டும். வலது ஓரத்தில் இருக்கும் இலக்கத்தில் தொடங்கி இடது பக்கமாகப் போங்கள். இரட்டித்தது இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டி ஒன்றாக்குங்கள். 7-ஐ இரட்டித்தால் 14, அது 1+4=5. 9-ஐ இரட்டித்தால் 18, அது 1+8=9. மற்ற இலக்கங்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

```
4 9 0 1 5 4 2 0 3 2 3 7 5 1
4 9 0 2 5 8 2 0 3 4 3 5 5 2
```

மேல் வரி எண், கீழ் வரி இரட்டித்த பிறகு வருவது. கீழ் வரியைக் கூட்டினால் 52. அதற்கு மேல் பத்தால் வகுபடும் அடுத்த எண் 60. இரண்டுக்கும் இடையே 8 குறைகிறது. அந்த 8-தான் பதினைந்தாவது இலக்கம். முழு எண் 490154203237518. கூட்டுத்தொகையே 50, 60 என்று பூஜ்யத்தில் முடிந்தால் சரிபார்ப்பு இலக்கம் 0.

பலரும் தவறுவது எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில்தான். பேங்க் கார்டு எண்களிலும் இதே கணக்குதான். ஆனால் வழக்கமான கார்டு எண்ணில் 16 இலக்கம் இருப்பதால், இடதுபக்கத்திலிருந்து எண்ணினால் இரட்டிக்கும் இடங்கள் மாறிவிடும். சரிபார்ப்பு இலக்கத்துக்கு ஒட்டி இடதுபுறம் இருப்பதில் தொடங்கினால் எந்த நீளத்துக்கும் குழப்பம் வராது.

அடுத்து, அழிந்த ஸ்டிக்கர். அதே மாதிரி எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் சுரண்டுப்பட்டு 49015420323?518 என்று இருக்கிறது என்போம். இப்போது கடைசி 8-ஐயும் சேர்த்துக் கூட்டுங்கள். அதை இரட்டிக்கக் கூடாது. தெரிந்தவை எல்லாம் சேர்ந்து 55 வரும். 60 ஆக வேண்டுமென்றால் அழிந்த இடத்திலிருந்து 5 வர வேண்டும். அந்த இடம் இரட்டிக்கும் இடம். இரட்டித்து, இலக்கங்களைக் கூட்டினால் 5 தருவது 7 மட்டும்தான். 0 முதல் 9 வரை எதை இரட்டித்தாலும் வெவ்வேறு விடைதான் வரும். ஒரே விடை இரண்டு முறை வராது. அதனால் ஓர் இலக்கம் மட்டும் அழிந்திருந்தால் விடை ஒன்றே ஒன்றுதான். இரண்டு இலக்கங்கள் அழிந்திருந்தால் பத்து விதமாகப் பொருந்திப் போகும். அப்போது இந்தக் கணக்கு உதவாது.

இதை நான் வாழ்க்கையில் ஒரு முறை அவசரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். என் தம்பியின் போன் பஸ்ஸில் தொலைந்தபோது கையில் இருந்தது கையால் எழுதிய பில். அதில் ஓர் இலக்கம் 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. போன் போய்விட்டதால் அதில் பார்க்கவும் வழியில்லை. இரண்டையும் போட்டுக் கூட்டிப் பார்த்தோம். 1 போட்டபோது மொத்தம் 70, பத்தால் வகுபட்டது. 7 போட்டால் 76. போனை முடக்கச் சொல்லி மனு போட அந்த எண் வேண்டும். கணக்கு தெரியாமலிருந்தால் தப்பான எண்ணை எழுதிக் கொடுத்திருக்கக்கூடும். அதனால்தான் பில்லில் எண் முழுதாக, தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இப்போது அந்த ‘வேலிட்’. மேலே நாம் போட்ட கணக்கைத்தான் இப்படிப்பட்ட தளங்களில் பலவும் போடுகின்றன. அதைத் தாண்டி எதுவும் பார்ப்பதில்லை. கணக்கைக் கண்டுபிடித்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன். 1954-இல் விண்ணப்பித்து 1960-இல் காப்புரிமை பெற்றார். எண்ணை எழுதும்போதும் படிக்கும்போதும் கை தவறுவதைப் பிடிப்பதே அவருடைய நோக்கம். திருட்டைப் பிடிப்பது அல்ல. ஓர் இலக்கம் மாறிப்போனால் கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும், ஒரே ஒரு ஜோடியைத் தவிர. நம் மாதிரி எண்ணிலேயே அது இருக்கிறது. 4-க்கு அடுத்து வரும் 90-ஐ 09 என்று மாற்றி 409154203237518 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். இதற்கும் 60-தான் வரும். 9 இரட்டித்தாலும் 9, இரட்டிக்காவிட்டாலும் 9, 0-வும் அப்படியே. இடம் மாறியது கூட்டலில் தெரியாது.

அதைவிட முக்கியம், மனம்போன போக்கில் 15 இலக்கம் எழுதினால்கூடப் பத்தில் ஒன்று இந்தக் கணக்கில் தேறிவிடும். திருட்டு போன் என்றால் அதில் இருப்பது கம்பெனி கொடுத்த ஒழுங்கான எண்தானே, அதுவும் தேறும். வேறொருவர் போனின் எண்ணை அப்படியே எடுத்து இதில் ஏற்றியிருந்தாலும் தேறும். 2020-இல் மீரட் போலீஸார் விசாரித்த வழக்கில் 13,000-க்கும் மேற்பட்ட போன்கள் ஒரே ஐஎம்இஐ எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்த எண்ணுக்கு இந்தக் கணக்குப் போட்டால் எத்தனை போன்கள் என்று எப்படித் தெரியும்?

ஆகவே கணக்கு தப்பினால் அது பெரிய செய்தி; தேறினால் செய்தியே இல்லை. உங்கள் பில்லின் 14 இலக்கத்துக்கு வரும் விடை, போன் திரையில் உள்ள பதினைந்தாவது இலக்கத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எழுதியதில் பிழை அல்லது அந்தப் பில் வேறு போனுடையது. முதல் 14 இலக்கமும் திரையில் உள்ளதோடு ஒன்றாக இருக்கிறதா என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். போனில் எண்ணை வரவழைக்க `*#06#` அழுத்துங்கள். செட்டிங்ஸிலும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள். சில போன்களில் எண்ணுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 01 என்பது போல இரண்டு இலக்கம் இருக்கும். அது சாஃப்ட்வேர் பதிப்பு; கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஐஎம்இஐ இருக்கும். பில்லில் இருப்பது இவற்றில் எது என்று பாருங்கள், ஆனால் சோதிப்பது இரண்டையும்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. உங்கள் சொந்த போனிலிருந்து, `KYM` என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் அடித்து 14422-க்கு அனுப்புங்கள்.

```
KYM 490154203237518
```

இது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சேவை. சஞ்சார் சாத்தி தளத்திலும் செயலியிலும் இதே சோதனை இருக்கிறது. அந்தத் துறையின் பதிவேட்டில் அந்த எண்ணின் நிலை என்ன என்று பதில் வரும். கருப்புப் பட்டியலில் இருக்கிறது, நகல் எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் வாங்க வேண்டாம் என்று அந்தத் துறையே சொல்கிறது. கம்பெனி, மாடல் பெயர் வந்தால் அதையும் கையிலிருக்கும் போனோடு ஒப்பிடுங்கள். எண் ஒரு மாடலுக்கு உரியது, கையில் இருப்பது இன்னொன்று என்றால் அந்த எண் இந்தப் போனில் பிறந்தது அல்ல. ஐஎம்இஐயை மாற்றி எழுதுவது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட போன் உங்கள் மகளின் கையில் இருக்க வேண்டாம்.

பதில் சுத்தமாக வந்தால் வாங்கலாம். பணம் கொடுக்கும்போது கடைக்காரரிடம் அவர் கடையின் பெயரில் புதிய பில் ஒன்று கேளுங்கள். இரண்டு ஐஎம்இஐயும் பதினைந்து இலக்கமாக, கண்முன்னே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அங்கேயே நின்று இரண்டுக்கும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். பத்தால் வகுபட்டால் கை தவறவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். 90, 09 வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பில்லையும் அந்தச் சுரண்டுப்பட்ட பெட்டியையும் விட்டுவிட்டு வராதீர்கள். புதிய பில் எழுத மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.