முதல் கே-டிராமா: 16 எபிசோடு கணக்கு

'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' என்ற கொரியத் தொடரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். 16 எபிசோடுதான் இருக்கிறது. அடுத்த சீசன் உண்டா?

இல்லை, கதை அதிலேயே முடிகிறது. 16 என்பது ஒளிபரப்புக் கணக்கு: வாரம் இரண்டு, எட்டு வாரம். இந்தத் தொடர் கொரியாவில் டிவிஎன் சேனலில் சனி, ஞாயிறு ஓடியது. 2019 டிசம்பர் 14-ல் தொடங்கி 2020 பிப்ரவரி 16-ல் முடிந்தது. நடுவே இரண்டு வார இறுதிகள் ஒளிபரப்பு இல்லாததால் பத்து வாரம் ஆனது. எல்லாத் தொடருக்கும் 16 என்பதில்லை. 'பிசினஸ் ப்ரபோசல்' 12, 'ரிப்ளை 1988' 20. சரித்திரக் கதைகள் இன்னும் நீளும். 2003-ல் தொடங்கிய 'டே ஜங் கும்' 54.

ஒரு நாளைக்கு எத்தனை பார்க்கலாம்?

இரண்டிரண்டாகப் பாருங்கள், அதுவும் 1-2, 3-4 என்ற ஜோடியில். சனிக்கிழமை எபிசோடு பார்வையாளரை ஒரு நாள் காக்க வைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை எபிசோடு அடுத்த சனிவரை தாங்க வேண்டும். அதனால் பெரிய திருப்பத்தைப் பெரும்பாலும் இரட்டைப்படை எபிசோடின் கடைசி நிமிடங்களில் வைப்பார்கள். அங்கே நிறுத்துவது கஷ்டம்தான். ஒன்று செய்யலாம்: அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்து, முடிச்சு அவிழ்ந்ததும் தூங்கப் போங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு எபிசோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இந்தத் தொடரின் கடைசி எபிசோடு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு தொடருக்கு ஓர் இடத்தில் 16, இன்னோர் இடத்தில் 32 என்று இருக்கிறதே?

இரண்டும் ஒரே தொடர்தான். கொரியாவில் ஆன்டெனா வழியாக ஒளிபரப்பாகும் பழைய பெரிய சேனல்கள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட 2021 வரை தடை இருந்தது. அதைச் சுற்றிப் போக, ஒரு மணி நேர எபிசோடை இரண்டாக வெட்டி, இடைவெளியில் விளம்பரம் போட்டார்கள். 2017-ல் அப்படிப்பட்ட எஸ்பிஎஸ் சேனலில் வந்த 'வைல் யூ வேர் ஸ்லீப்பிங்' அந்த வகை. அரை மணி நேர எபிசோடாகத் தெரிந்தால் இரண்டைச் சேர்த்து ஒன்றாகக் கணக்கிடுங்கள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தால், கடைசியில் பழைய காட்சி ஏதோ வருகிறது. தாண்டிவிடலாமா?

தாண்டாதீர்கள். அதற்கு எபிலாக் என்று பெயர். நாம் ஏற்கெனவே பார்த்த சம்பவத்தை இன்னொருவர் கண்ணில் காட்டுவார்கள், அல்லது கதை தொடங்குவதற்கு முன் நடந்ததைச் சொல்வார்கள். 'கிராஷ் லேண்டிங்'கில் நாயகன், நாயகி பற்றிய முக்கியமான சில விஷயங்கள் இப்படித்தான் வெளிப்படுகின்றன. அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுவது நல்லது.

பாதியில் கதை வேறு பக்கம் போகிறது. நிறுத்திவிடட்டுமா?

ஒன்பது, பத்தாவது எபிசோடை ஒட்டிக் களம் வடகொரியாவிலிருந்து சியோலுக்கு மாறுவதைச் சொல்கிறீர்கள். பாதிவரை ஒரு சிக்கல், பிறகு அதைவிடப் பெரியது என்பது 16 எபிசோடு கதைகளில் வழக்கமான பிரிப்பு. 13, 14-ல் காதலர்களுக்குள் பிரிவு வந்தாலும் பதறாதீர்கள். அதைச் சரிசெய்ய எழுத்தாளர் இன்னும் இரண்டு எபிசோடு மிச்சம் வைத்திருப்பார். கடைசி எபிசோடில் திடீரென்று சில காலம் கடந்து போவதும் சகஜம்.