ஆட்டோ ரினியூவலும் "நாங்கள் பொறுப்பல்ல"வும்: டெர்ம்ஸில் எங்கே தேடுவது?

கேள்வி: எந்த ஆப்பில் சேர்ந்தாலும் "ஐ அக்ரி"யை அமுக்கிவிட்டுத்தான் போகிறேன். போன மாதம் கேட்காமலே ஒரு வருஷப் பணத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டால் டெர்ம்ஸில் இருக்கிறது என்கிறார்கள். வக்கீல் இல்லாத ஆள் இந்த மாதிரி வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

பாளையங்கோட்டையில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைக்காரர்கள் வாங்குகிற பில்லிங் சாஃப்ட்வேர், பேக்கப் சேவை எல்லாவற்றின் ஒப்பந்தமும் என் மேஜைக்கு வரும். ஊராருக்குப் படித்துச் சொன்னவன், சொந்த மச்சினன் மாட்டின பிறகுதான் கதையைக் கேட்டேன். அவன் கதையில் நீங்கள் கேட்டதும் இருக்கிறது, நீங்கள் இன்னும் கேட்காத ஒன்றும் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் அவனுக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. கல்யாண போட்டோ, வீடியோவைச் சேமித்து வைக்க 2023 ஆகஸ்ட் 12ல் ஒரு ஆன்லைன் சேமிப்புச் சேவையில் சேர்ந்தான். முதல் வருஷம் 1,499 ரூபாய். அடுத்த ஆகஸ்டில் 4,999 போயிருந்தது. "என்னத்தான் இது, கூடுதலா ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டானுவ?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

டெர்ம்ஸ் முப்பது பக்கத்துக்கு மேல். முழுவதையும் நான் படிக்கவில்லை, நீங்களும் படிக்க வேண்டாம். கம்ப்யூட்டராக இருந்தால் `Ctrl+F`, போனில் குரோம் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு `Find in page`. முதலில் `renew` என்று போட்டேன். "Renewal" என்று தலைப்புப் போட்டு எல்லாரும் வைத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் `Fees`, `Billing`, `Subscription Term` என்ற தலைப்புகளின் கீழே, மூன்றாவது நான்காவது பத்தியில் கிடக்கும். சில இடங்களில் பிரதான டெர்ம்ஸிலேயே இருக்காது. "எங்கள் `Refund Policy`யும் இதன் பகுதி" என்று ஒரு வரி மட்டும் இருக்கும், விஷயம் அந்தத் தனிப் பக்கத்தில் இருக்கும். `renew` ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நிம்மதி அடைய வேண்டாம், அந்த இணைப்புகளைத் திறந்து மறுபடி தேடுங்கள்.

மச்சினனின் ஒப்பந்தத்தில் கிடைத்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நடப்புக் காலம் முடிவதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்பு நீங்கள் ரத்து செய்யாவிட்டால், அதே அளவு காலத்துக்கு, அப்போதைய விலையில், தானாகப் புதுப்பிக்கப்படும். ஒரே வாக்கியம், அதற்குள் மூன்று கொக்கி. "அதே அளவு காலம்" என்றால் வருஷத் திட்டம் இன்னொரு முழு வருஷமாக நீளும், மாதத்துக்கு அல்ல. "அப்போதைய விலை" என்பது ஆங்கிலத்தில் `then-current` என்று இருக்கும். சேரும்போது பார்த்த சலுகை விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, 1,499 எப்படி 4,999 ஆனது என்பதற்கு அந்த ஒரு சொல்தான் பதில். மூன்றாவதான முப்பது நாள்தான் ஆளை முடித்தது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனுடைய முதல் வருஷம் 2024 ஆகஸ்ட் 11ல் முடிகிறது. முப்பது நாள் பின்னால் எண்ணினால் ஜூலை 12. அதற்குள் ரத்து செய்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யு.பி.ஐ.யிலோ தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு நமக்குத் தகவல் வர வேண்டும். வந்தது. ஆகஸ்ட் 10ம் தேதி வந்தது. ஆடி மாதம், கல்யாண வேலை கிடையாது, பயல் கூட்டாளிகளோடு குற்றாலத்தில் நின்றிருக்கிறான். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அப்போதே பார்த்து ரத்து செய்திருந்தாலும் ஒப்பந்தக் கணக்கில் தாமதம்தான், ஏறத்தாழ ஒரு மாதத் தாமதம். வங்கிச் செய்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறவர்கள் எல்லாரும் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள். செய்தி பணம் எடுக்கும் நாளைப் பார்த்து வருகிறது, ஒப்பந்தம் அதற்கு வெகு முன்னாலேயே கதவைச் சாத்திவிடுகிறது.

ஆனாலும் அந்தச் செய்தியைத் தள்ளிவிட வேண்டாம். தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதிக்கு மேண்டேட் என்று பெயர், அதை அந்தச் செய்தியிலேயே நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பதும் விதிதான். யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் போய் ரத்து செய்தால் பணம் கையை விட்டுப் போகாது. பிறகு நிறுவனம் பில் அனுப்பலாம், கணக்கை முடக்கலாம், ஆனால் வாதாடும்போது பணம் நம்மிடம் இருக்கும். ஒப்பந்தத்தை ரத்து செய்வதும் மேண்டேட்டை ரத்து செய்வதும் வேறு வேறு, இரண்டையும் செய்ய வேண்டும். போனிலிருந்து ஆப்பை அழித்தால் இரண்டுமே நடக்காது.

சேரும்போதே இன்னொன்றைப் பாருங்கள். ஆட்டோபே ஒப்புதல் திரையில் "இத்தனை ரூபாய் வரை" என்று உச்சவரம்பு காட்டும். மாதம் 199 என்று விளம்பரம், வரம்பு 5,000 என்றால் விலை ஏற்றுவதற்கு இப்போதே இடம் விட்டு வைத்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் தடவை பின் போட்டு ஒப்புக்கொண்ட பிறகு, 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்க வேண்டிய அவசியமில்லை.

இனி நீங்கள் கேட்காதது. அந்த வருஷம் நவம்பரில், ஆவணியில் எடுத்த ஒரு கல்யாணத்தின் மூல வீடியோ முழுவதும் அந்தச் சேவையில் திறக்காமல் போயிற்று. மெமரி கார்டை அவன் அழித்துவிட்டிருந்தான். 65,000 ரூபாய் வேலை, பெண் வீட்டார் 20,000 திருப்பிக் கேட்டார்கள். நிறுவனத்துக்கு எழுதினான். வந்த பதிலில் பதினொன்றாம் பிரிவைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

இந்தப் பிரிவு ஒளிந்திருப்பதில்லை, `Limitation of Liability` என்று தலைப்பே இருக்கும். பத்தி முழுக்க பெரிய எழுத்தில் கத்தும். அமெரிக்க வணிகச் சட்டம் சிலவகைப் பொறுப்பு மறுப்புகள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. கண்ணில் படுவதற்காகப் போட்டது, கண் வழுக்கிக்கொண்டு போகிறது. பெரிய எழுத்தில் பத்து வரியை யார் படிக்கிறார்கள்? அதனால் அங்கேயும் தேடல்தான். `in no event` என்று போட்டால் எந்தெந்த நஷ்டத்துக்குப் பொறுப்பே இல்லை என்ற பட்டியல் வரும். `aggregate` என்று போட்டால், பொறுப்பு என்று வந்தாலும் அதிகபட்சம் எவ்வளவு என்ற வரி வரும்.

மச்சினன் விஷயத்தில் முதல் பட்டியலில் தரவு இழப்பும் வருமான இழப்பும் இருந்தன. தரவைக் காப்பதுதான் அந்தச் சேவை, தரவு போனால் பொறுப்பில்லையாம்! இரண்டாவது வரி, நஷ்டம் வந்த நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் கட்டிய தொகையே உச்சம் என்றது. அதாவது 4,999. இலவசத் திட்டத்தில் இருந்திருந்தால் அதே வரி பூஜ்யம் என்று கணக்குச் சொல்லும். சில ஒப்பந்தங்களில் கட்டிய தொகை அல்லது நூறு டாலர், இதில் எது அதிகமோ அது என்று இருக்கும். அங்கே `greater` என்று இருக்கிறதா `lesser` என்று இருக்கிறதா என்பதை மட்டும் நின்று பாருங்கள்.

ஜங்ஷன் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனில் "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செல்லுமா என்று கேட்டால், நம் ஊரில் "அதெல்லாம் சும்மா" என்பார்கள். சும்மா அல்ல. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததால் அந்த நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் நஷ்டம். மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் கூரியர் ரசீதில் நூறு டாலர்தான் உச்சம் என்று அச்சாகி, அனுப்பியவர் கையெழுத்தும் போட்டிருந்ததால் அந்த நூறு டாலரோடு முடிந்தது. "ஐ அக்ரி" கையெழுத்து இல்லையே என்றும் தப்ப முடியாது, மின்னணு வடிவில் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வரையறை வந்திருக்கிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாட மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நமக்கு மதுரையில் அதன் அமர்வு இருக்கிறது. சேவைக் குறைபாடு என்ற புகார் மட்டும் என்றால் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், டெர்ம்ஸில் பெங்களூர் கோர்ட் என்று எழுதியிருந்தாலும். மச்சினன் மாதிரி சொந்தப் பிழைப்புக்காக வாங்குகிறவரும் நுகர்வோர்தான். 2023 நவம்பர் 30ல் வந்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்களில், ரத்து செய்வதைச் சிக்கலாக்குகிற சந்தா பொறி தனியாகவே தடை செய்யப்பட்டிருக்கிறது.

அவன் அந்த அளவுக்குப் போகவில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தான். எஸ்.எம்.எஸ்., பணம் போன விவரம், டெர்ம்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கொடுத்தான். டெர்ம்ஸை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், சேருகிற அன்றே அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆக எடுத்து வைப்பது நல்லது. அவனிடம் அது இல்லை, இருந்தது புகாரின்போது எடுத்ததுதான்.

இப்போது ஸ்டுடியோ சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில், எந்தச் சேவையில் சேர்ந்தாலும் ரத்துக் கெடுவுக்கு ஒரு வாரம் முந்தைய தாளில் பேனாவால் எழுதி வைக்கிறான். மூலப் பிரதி இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று வீட்டில். பெண் வீட்டாருக்கு 20,000 கொடுத்தான். நிறுவனம் கடைசியில் 4,999 ரூபாயைத் திருப்பித் தந்தது, பணமாக இல்லை, கிரெடிட்டாக. அதைச் செலவழிக்க வேண்டுமானால் இன்னொரு வருஷம் சேர வேண்டும்.