யார் எழுதினார்கள் என்று தேடாமல் பதில் எழுதுங்கள்

"ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் 11 பேருக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். பெயர் போடாத சர்வேயில், 'ஞாயிறு லீவு அவருக்கு வேண்டியவங்களுக்குத்தான்', 'கடைசி பஸ் போன பிறகுதான் ஷிப்ட் முடியுது, கேட்டா எரிஞ்சு விழறார்' என்று வந்திருக்கிறது. டீம் வாட்ஸ்அப் குழுவில் நான் பதில் போட வேண்டுமாம். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல் எப்படி எழுதுவது?"

இன்று ராத்திரி எழுதாதீர்கள். ஒரு நாள் போகட்டும். ஒரு வாரத்தைத் தாண்டவும் வேண்டாம். அதற்குள் கடந்த மூன்று மாத ரோஸ்டரை எடுத்து, யாருக்கு எத்தனை ஞாயிறு லீவு கிடைத்தது என்று எண்ணுங்கள். இருக்கிற 13 ஞாயிறுகளில் ஒரே இரண்டு பேருக்கு ஆறேழு, மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு என்றால் அவர்கள் சொன்னது உண்மை. நீங்கள் என்ன நினைத்துப் போட்டீர்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை.

பலர் எழுதும் பதில் இது: "சிலர் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் நேரில் வந்து சொல்லலாம்." பெருந்தன்மை போலத் தெரியும். நேரில் கேட்டால் எரிந்து விழுகிறார் என்பதுதானே புகார், யார் வருவார்கள்? "சிலர்" என்றதும் மற்றவர்கள் அந்தச் சிலரைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கருத்தை அப்படியே ஒட்டவும் கூடாது. 11 பேரில் பஸ்ஸில் சேலம் இறங்குகிறவர்கள் நாலு பேர் இருந்தாலே அதிகம். பேச்சு வழக்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்:

"எல்லோருக்கும் வணக்கம். சர்வேயில் வந்ததைப் படித்தேன். ஞாயிறு லீவு சமமாக இல்லை என்று வந்திருக்கிறது. மூன்று மாத ரோஸ்டரை எண்ணிப் பார்த்தேன், சரிதான். அதைப் போட்டது நான். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு லீவு சுற்று முறையில் வரும். 25-ம் தேதி ரோஸ்டரை ஒட்டுகிறேன். சேலம் போகிறவர்களின் ஷிப்ட் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்பே முடியும். கோடை விழா நாட்களில் அது முடியாது. அந்த நாட்களுக்கு வண்டி கேட்டு எழுதியிருக்கிறேன், 30-ம் தேதிக்குள் பதிலை இங்கேயே சொல்கிறேன். ஷிப்ட் பற்றிக் கேட்டவர்களிடம் கோபப்பட்டிருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் மேனேஜரிடம் சொல்லுங்கள்."

இதில் "ஆனால்" ஒரு இடத்திலும் இல்லை, கவனித்தீர்களா? முடியாததை ஒரே வரியில் சொல்லியாயிற்று. சீசன் கூட்டம், ஆள் பற்றாக்குறை என்று நீட்டினால் அது வக்காலத்து. உங்கள் கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டால் அதையும் 30-ம் தேதி போட்டுவிடுங்கள். அனுப்பிய பிறகு யார் படித்தார்கள், யார் கட்டைவிரல் போட்டார்கள் என்று நோண்டாதீர்கள்.

அப்புறம், சர்வே எடுத்துத் தரும் ஏஜென்ட்கள். சேலத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசனைக்குப் போயிருந்தேன். ஏஜென்ட் ஆளுக்கொரு தனி லிங்க் அனுப்பியிருந்தார். கருத்துகள் வந்ததும் முதலாளியிடம் மெதுவாக, "யார் எழுதினதுன்னு வேணும்னா எடுத்துத் தரேன் சார்" என்றார். மறு வருஷம் அத்தனை பேரும் "எல்லாம் நன்று" என்று எழுதிவிட்டார்கள். கூகுள் ஃபார்மும் சும்மா இல்லை. மின்னஞ்சல் சேகரிக்காவிட்டாலும், பதில் வந்த நேரம் ஷீட்டில் பதிவாகும். 11 பேரில் அந்த நேரத்தில் யார் டீ பிரேக்கில் இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த ஷீட்டை நீட்டினால் வாங்காதீர்கள். சின்ன டீமின் கருத்துகளைத் தொகுக்காமல் சூப்பர்வைசருக்கே தள்ளிவிடுகிற தலைமை அலுவலகத்தைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு சதவீதம் வந்தால் போதும். 20 கொண்டை ஊசி வளைவுகளை ராத்திரியில் பைக்கில் இறங்குவது யாரோ.

ஒன்றுக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. கருத்துகளில் பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி இருந்தாலும், அதற்குக் குழுவில் பதில் போடாதீர்கள், விசாரிக்கவும் கிளம்பாதீர்கள். அன்றைக்கே மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். கணக்கு உங்கள் டீமுக்கு அல்ல, முழு ரிசார்ட்டுக்கு. 10 பேருக்குக் குறைந்த இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. புகாரைப் பாதிக்கப்பட்டவர் எழுத்தில், பொதுவாக மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அதனால் குழு உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், அந்த மூன்று மாதக் கெடு மூன்றையும் சர்வே பேச்சே எடுக்காமல் எல்லோருக்கும் பொது அறிவிப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பெண்கள் உடை மாற்றும் அறையிலும் ஒரு பிரதி ஒட்டச் சொல்லுங்கள்.