தெரிந்த பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துவது

கேள்வி: ஏற்காட்டில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கையெழுத்து அழகாக இருந்தால் என்னையறியாமல் மார்க் கூடிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பெயரை மறையுங்கள். பொதுத்தேர்வில் டம்மி நம்பர் போடுவது போல, வேறொரு ஆசிரியர் முகப்புத்தாளைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் ஒரு எண் எழுதட்டும். அந்த எண் வருகைப்பதிவேட்டு வரிசையில் இருக்கக் கூடாது. சின்ன வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும் என்பதால் இது மட்டும் போதாது.

அதனால் ஒரு தாளை முழுதாகத் திருத்தாமல், ஒரே கேள்வியை எல்லாத் தாள்களிலும் திருத்துங்கள். அப்புறம் கட்டைக் கலைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நல்ல விடைகள் நான்கைப் பார்த்த பிறகு வரும் சுமாரான விடை மோசமாகத் தெரியும். கலைத்தால் அந்தத் துரதிர்ஷ்டம் ஒரே பிள்ளைக்கு விழாது. மார்க்கைத் தனித்தாளில் குறியுங்கள். கடைசியில் முதல் ஐந்து தாள்களை மார்க் பார்க்காமல் மறுபடி திருத்தினால், உங்கள் கை இறுகியதா தளர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கு மருந்து, முன்பே எழுதிவைத்த விடைக்குறிப்புதான். மண் அரிப்பைத் தடுக்க நான்கு வழிகள், 4 மதிப்பெண் என்று வையுங்கள். ஒருத்தி முத்து முத்தாக ஒரு பக்கம் முழுக்க மரம் நடுவதையே சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாள்: 1. இன்னொருவன் கிறுக்கலாக மரம், படிக்கட்டு வயல், தடுப்பணை என்று மூன்று வரி எழுதியிருக்கிறான்: 3. படிக்கவே முடியாத சொல்லை மட்டும் சக ஆசிரியரிடம் காட்டுங்கள். அவருக்கும் புரியாவிட்டால் அந்தக் குறிப்புக்கு மட்டும் மார்க் இல்லை.