என்று, என்று, என்பதால்…

ஐயா,

ஒயிட்ஃபீல்டில் எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழு ஆங்கிலத்தில் அனுப்பும் சுற்றறிக்கைகளைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்காக நான் தமிழில் எழுதித் தருகிறேன். கீழே இருப்பது நான் எழுதியது. 'என்று', 'உள்ள' எல்லாம் அடுக்கடுக்காக வந்துவிட்டன. குறைத்தால் பொருள் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் குறைப்பது?

"வளாகத்தின் பின்பகுதியில் உள்ள, சென்ற மாதம் ஆழப்படுத்தப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இருந்து வருகிற தண்ணீரில் நைட்ரேட் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று ஆய்வகம் தெரிவித்துள்ளது என்று நிர்வாகக் குழு அறிவித்துள்ளது என்பதால், காவிரி இணைப்பு இல்லாத வீடுகளில் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பெயரெச்சங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு "எந்தக் கிணறு?" என்று கேளுங்கள். உங்கள் வளாகத்தில் கிணறு ஒன்றுதான் என்றால் 'பின்பகுதியில் உள்ள' வெறும் வர்ணனை, போகலாம். இரண்டு இருந்தால் அது அடையாளம், இருந்தே ஆக வேண்டும். ஆனாலும் 'உள்ள' தேவையில்லை, 'பின்பக்கக் கிணறு' என்றாலே போதும். 'இருந்து வருகிற' எப்படியும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் கிணற்றிலிருந்துதானே வரும்?

'காவிரி இணைப்பு இல்லாத' என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை வெட்டினால் கோரிக்கை எல்லா வீடுகளுக்கும் போய்விடும். குழு அப்படிச் சொல்லவில்லை.

'சென்ற மாதம் ஆழப்படுத்தப்பட்ட' கொஞ்சம் தந்திரமான இடம். பெயரெச்சம் கிணற்றை அடையாளம் காட்டுகிறதா, கூடுதல் செய்தி சொல்கிறதா என்பதைத் தமிழில் அதன் வடிவம் காட்டிக்கொடுக்காது. பின்பக்கத்தில் ஒரே கிணறு என்றால் இது கூடுதல் செய்திதான், தனி வாக்கியமாக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தை நைட்ரேட் செய்திக்கு முன்னால் வைத்தால், ஆழப்படுத்தியதால்தான் நைட்ரேட் கூடியது என்று படிப்பவர் முடிவு கட்டுவார். ஆய்வகம் அப்படி எதுவும் சொல்லவில்லை. கடைசியில் வையுங்கள்.

அடுத்தது 'என்று'. இங்கே ஒரு சோதனை இருக்கிறது: நாளைக்குத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால், யார் தவறாகச் சொன்னவர்? உங்கள் வாக்கியத்தில் ஆய்வகம். "நைட்ரேட் கூடுதலாக இருப்பதால் குடிக்க வேண்டாம்" என்று சுருக்கினால் அந்தப் பொறுப்பு குழுவின் தலையில் விழுகிறது. வாக்கியம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொறுப்பாளி மாறிவிட்டார். ஆகவே 'ஆய்வகம்' நிற்க வேண்டும். 'நிர்வாகக் குழு அறிவித்துள்ளது' போகலாம், ஏனென்றால் சுற்றறிக்கையே குழுவின் பெயரில்தான் போகிறது. அதை யாராவது தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகிறார்கள் என்றால் குழுவின் பெயர் எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும்.

'இருக்கிறது என்று தெரிவித்துள்ளது' என்பதை 'இருப்பதாகத் தெரிவித்துள்ளது' ஆக்கலாம். இதை எல்லா இடத்திலும் செய்யாதீர்கள். "தண்ணீர் நிறுத்தப்படும் என்று" சொன்னதை 'நிறுத்தப்படுவதாக' என்று மாற்றினால், இப்போதே நிறுத்துகிறார்கள் என்றும் படிக்கலாம். அங்கே 'என்று' இருக்கட்டும். 'குடிக்க வேண்டாம்' போன்ற ஏவலுக்கும் 'என்று'தான் பொருந்தும். இன்னொன்று, 'தெரிவித்ததாக அறிவித்ததாக' என்று அடுக்கினால் எதுவும் குறையவில்லை, வேறு சொல்லில் அதே நெரிசல்.

இனி 'என்பதால்'. உங்கள் வாக்கியத்தில் காரணம் குழுவின் அறிவிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குடிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அறிவிப்பு அல்ல, ஆய்வக முடிவு. ஆங்கில மூலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே முற்றுப்புள்ளி வைத்து 'எனவே' என்று தொடங்குங்கள். 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்பதற்கு 'வரம்பு' போதும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அறிக்கையில் வந்த அளவும் உங்களிடம் இருந்தால் இரண்டையும் எண்ணாகவே போடலாம், ஆனால் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் முன் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதில் கேட்பவர் யார் என்றே இல்லை. குழுவை அங்கே கொண்டுவந்து வைத்தால், மேலே வெட்டியதற்கும் ஈடு ஆகிவிடும்.

பின்பக்கத்தில் ஒரே கிணறு, முன்பக்கத்தில் வேறொன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்:

"பின்பக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் வரம்பைத் தாண்டி இருப்பதாக ஆய்வகம் தெரிவித்துள்ளது. எனவே, காவிரி இணைப்பு இல்லாத வீடுகளில் இருப்பவர்கள் அதைக் குடிக்க வேண்டாம் என்று நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது. இந்தக் கிணறு சென்ற மாதம் ஆழப்படுத்தப்பட்டது."

மூன்றில் ஒரே ஒரு 'என்று' மிஞ்சியிருக்கிறது. அதையும் எடுக்க ஆசைப்பட்டு "குடிப்பதைத் தவிர்க்குமாறு" என்று எழுதலாம், பொருள் கெடாது. எனக்கு 'குடிக்க வேண்டாம்' தான் பிடித்திருக்கிறது, நோட்டீஸ் பலகையில் தூரத்திலிருந்து பார்த்தாலே புரியும்.